அறிகுறி இல்லாதபோதும் இரத்த அழுத்தமும் சர்க்கரையும் ஏன் பரிசோதிக்கப்பட வேண்டும்?

பணியிட மருத்துவ முகாமில் வழங்கப்படும் சிறு உரையின் விளக்கம்

தொழிற்சாலைகள், ஆலைகள், அலுவலகங்கள், போக்குவரத்துப் பணிமனைகள் ஆகிய இடங்களில் நடத்தப்படும் மருத்துவ முகாம்களில் முதலில் செய்யப்படுபவை இரண்டு பரிசோதனைகள். கையில் பட்டை கட்டி இரத்த அழுத்தம் அளக்கப்படுகிறது. விரல் நுனியில் ஒரு துளி இரத்தம் எடுத்துச் சர்க்கரை அளக்கப்படுகிறது. இவ்விரண்டுக்கும் பத்து நிமிடங்களே தேவைப்படும். ஆயினும் "எனக்கு ஒன்றும் இல்லை, நன்றாகத்தான் இருக்கிறேன்" என்று கூறி வரிசையில் நிற்காமல் செல்வோர் பலர். அவ்வாறு கூறுவோர் பொய் சொல்வதில்லை. அவர்கள் உண்மையிலேயே நன்றாகத்தான் உணர்கிறார்கள். இவ்விரு நோய்களின் தன்மையே அதுதான் என்பதை இப்பக்கம் விளக்குகிறது.

உயர் இரத்த அழுத்தம் ஏன் உணரப்படுவதில்லை?

இதயம் சுருங்கி இரத்தத்தை வெளியே தள்ளும்போது இரத்தக் குழாய்ச் சுவரின் மீது ஏற்படும் அழுத்தம் மேல் அளவு. இதயம் விரிந்து ஓய்வு கொள்ளும் நேரத்தில் எஞ்சியிருக்கும் அழுத்தம் கீழ் அளவு. 120/80 என்று எழுதப்படுவது இவ்விரண்டையும் குறிக்கும். அலகு, பாதரச மில்லிமீட்டர்.

தோலில் ஊசி குத்தினால் வலிக்கிறது. வயிறு உப்பினால் தெரிகிறது. ஆனால் குழாய்ச் சுவர் தொடர்ந்து மிகை அழுத்தத்தைத் தாங்கிக்கொண்டிருப்பதை மனத்துக்கு உணர்த்தும் வலி நரம்பு ஏதும் இல்லை. கழுத்திலுள்ள பெரிய இரத்தக் குழாயிலும் இதயத்திற்கு மேலுள்ள பெருந்தமனியிலும் அழுத்தத்தைக் கண்காணிக்கும் உணர்விகள் உள்ளன. அழுத்தம் திடீரென உயரும்போது அவை உடனே செயல்பட்டு அதைக் குறைக்க முயல்கின்றன. ஆனால் அழுத்தம் மெதுவாக, மாதக்கணக்கில் உயர்ந்தால், அவ்வுணர்விகள் உயர்ந்த அளவையே இயல்பு என ஏற்றுக்கொள்கின்றன. அதன் பிறகு உடல் எச்சரிப்பதில்லை. 150/95 என்ற அளவுடன் ஒருவர் எட்டு மணி நேரம் இயந்திரத்தை இயக்கலாம், வீட்டுக்குச் சென்று நிம்மதியாக உறங்கலாம்.

"தலைவலி வந்தால் பார்த்துக்கொள்ளலாம்" என்பது பரவலாக உள்ள எண்ணம். இவ்வளவு உயர்வில் பெரும்பாலோருக்குத் தலைவலி வருவதில்லை. தலைவலி உள்ள பலருக்கு அழுத்தம் இயல்பாகவே இருக்கிறது. எனவே தலைவலியை அளவுகோலாகக் கொள்ள இயலாது.

உணரப்படவில்லை என்பதால் சேதம் நின்றுவிடுவதில்லை. இதயம் ஒரு நாளில் ஏறத்தாழ ஒரு இலட்சம் முறை துடிக்கிறது. ஒவ்வொரு துடிப்பிலும் மிகை அழுத்தம் குழாயின் உட்படலத்தைத் தாக்குகிறது. சுவர் தடித்து, நெகிழ்ச்சி குன்றுகிறது. மூளை, இதயம், சிறுநீரகம், விழித்திரை ஆகியவற்றிலுள்ள நுண்குழாய்கள் முதலில் பாதிக்கப்படுகின்றன. 40 முதல் 69 வயது வரையிலானோரை நீண்ட காலம் தொடர்ந்து கவனித்த ஆய்வுகளின்படி, 115/75 என்ற அளவிலிருந்து மேல் அளவு ஒவ்வொரு 20 கூடும்போதும், அல்லது கீழ் அளவு ஒவ்வொரு 10 கூடும்போதும், பக்கவாதத்தாலும் மாரடைப்பாலும் இறக்கும் வாய்ப்பு ஏறத்தாழ இருமடங்காகிறது.

சர்க்கரை உயர்வு ஏன் உணரப்படுவதில்லை?

அடிக்கடி சிறுநீர் கழித்தல், தணியாத தாகம், காரணமின்றி எடை குறைதல் ஆகியவை நீரிழிவு நோயின் அறிகுறிகளாகப் பலருக்கும் தெரியும். இவை எப்போது தோன்றுகின்றன என்பதே இங்கு அறிய வேண்டியது.

சிறுநீரகம் இரத்தத்தை வடிகட்டும்போது சர்க்கரையும் வடிந்து வருகிறது. ஆனால் அதை வீணாக்காமல் சிறுநீரகமே மீண்டும் உறிஞ்சி இரத்தத்தில் சேர்த்துவிடுகிறது. இத்திறனுக்கு ஓர் எல்லை உண்டு. பெரும்பாலோருக்கு இரத்தச் சர்க்கரை டெசிலிட்டருக்கு சுமார் 180 மில்லிகிராமைத் தாண்டும் வரை சிறுநீரில் சர்க்கரை கசிவதில்லை. அந்த எல்லையைக் கடந்த பின்னரே சர்க்கரை சிறுநீரில் இறங்குகிறது. தன்னுடன் நீரையும் இழுத்துச் செல்கிறது. அதனால் சிறுநீர் பெருகுகிறது. நீர் இழந்ததால் தாகம் எடுக்கிறது.

நீரிழிவு நோய் என்று கூறுவதற்கான அளவோ இதைவிடக் குறைவு. வெறும் வயிற்றில் 126 அல்லது அதற்கு மேல் இருந்தாலே நோய் எனக் கொள்ளப்படுகிறது. ஆகவே 126-க்கும் 180-க்கும் இடையில் ஒரு பரந்த இடைவெளி உள்ளது. அவ்விடைவெளியில் இருப்பவருக்கு நோய் இருக்கும், தாகம் இருக்காது. சிலர் இந்நிலையில் ஆண்டுக்கணக்கில் இருந்துவிடுகின்றனர். அக்காலம் முழுவதும் மிகைச் சர்க்கரை நுண்குழாய்களையும் நரம்புகளையும் பாதித்துக்கொண்டே இருக்கிறது.

பாதிப்பு தொடங்கிய பின்னரும் அது உடனே தெரிவதில்லை. விழித்திரையின் நடுப்பகுதி பாதிக்கப்படும் வரை பார்வை தெளிவாகவே இருக்கும். சிறுநீரகத்தின் செயல்திறன் பாதிக்கு மேல் குறைந்த பின்னரும் கால் வீக்கமோ சோர்வோ தோன்றாமல் இருக்கலாம். பாதத்தில் உணர்வு குறைவதோ, வலியைக் கூட்டாமல் வலியைக் குறைக்கும். காலணிக்குள் கிடக்கும் சிறு இரும்புத் துகள் குத்துவது தெரியாமல் பணிநேரம் முழுவதும் நின்றவருக்குப் புண் ஏற்பட்ட பிறகே செய்தி தெரிகிறது.

முகாமில் கிடைக்கும் எண் எதைக் கூறுகிறது?

முகாமில் எடுக்கப்படும் அளவு நோயை உறுதி செய்வதற்கானது அன்று. யாருக்கு மேற்பரிசோதனை தேவை என்று பிரித்தறிவதற்கானது. இவ்வேறுபாட்டை அறியாததால் இரு தவறுகள் நேர்கின்றன. ஒருமுறை உயர்ந்த அளவைக் கண்டு அஞ்சித் தாமாகவே மாத்திரை வாங்குவோர் ஒருபுறம். "அன்று களைப்பு, அதனால் கூடிவிட்டது" என்று சீட்டைக் கிழித்தெறிவோர் மறுபுறம்.

இரத்த அழுத்தம் 140/90 அல்லது அதற்கு மேல் இருந்தால், மற்றொரு நாளில் மீண்டும் அளந்து உறுதி செய்யப்பட வேண்டும். இரு எண்களுள் ஒன்று மட்டும் உயர்ந்திருந்தாலும் இதே விதிதான். முகாமில் உணவு நேரத்தைப் பொருட்படுத்தாது எடுக்கப்படும் சர்க்கரை 140-ஐத் தாண்டினால், வெறும் வயிற்றுப் பரிசோதனைக்கு அனுப்பப்படுவீர்கள். 140-ஐத் தாண்டியது நீரிழிவு நோய் என்று பொருள் அன்று; உறுதி செய்யாமல் விடக்கூடாது என்பதே அதன் பொருள்.

அளவு பிழையாக வருவதற்கான காரணங்களை அறிந்திருப்பது உங்களுக்குப் பயன் தரும். மாடிப்படி ஏறி வந்தவுடன் அளந்தால் அழுத்தம் கூடுதலாகக் காட்டும். சிறுநீரை அடக்கிக்கொண்டிருந்தாலும், அளக்கும்போது பேசினாலும், கால்மேல் கால் போட்டு அமர்ந்தாலும், கை தாங்கலின்றித் தொங்கினாலும் அளவு கூடும். பருத்த கைக்குச் சிறிய பட்டையைச் சுற்றினாலும் அவ்வாறே. எனவே அளப்பதற்கு முன் அரை மணி நேரம் தேநீர், காப்பி, புகையிலை ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும். சிறுநீர் கழித்துவிட்டு, முதுகு சாய்த்து, பாதங்களைத் தரையில் ஊன்றி, ஐந்து நிமிடங்கள் அமைதியாக அமர வேண்டும். சட்டைக் கையின் மீது கட்டாமல், வெறும் மேற்கையில், இதயத்தின் மட்டத்தில் கை இருக்குமாறு வைத்து அளக்க வேண்டும். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு அல்லது மூன்று முறை அளந்து, இறுதி இரண்டின் சராசரியைக் கொள்வது நல்லது.

சர்க்கரைக்கு விரல் நுனியைச் சோப்பால் கழுவி உலர்த்துவது முக்கியம். பழம் உரித்த விரலில், அல்லது இனிப்பு தொட்ட விரலில் எடுத்த துளி, உண்மையைவிட மிகக் கூடுதலான எண்ணைக் காட்டும். காலாவதியான பட்டையும் தவறான எண்ணைத் தரும்.

ஓர் எடுத்துக்காட்டு

கீழே தரப்படுவது விளக்கத்திற்காக அமைக்கப்பட்ட நிகழ்வு. முகாம்களில் காணப்படும் வழக்கமான போக்கை இது ஒத்திருக்கும்.

நூற்பாலையில் இரவுப் பணி பார்க்கும் 44 வயது ஆண். எவ்வித உடல்நலக் குறையும் இல்லை, புகைப்பழக்கம் இல்லை. தந்தைக்கு நீரிழிவு நோய் இருந்தது. பணி முடிந்து காலை 7.30 மணிக்கு முகாமுக்கு வருகிறார். வரும் வழியில் தேநீரும் பன்னும் உண்டிருக்கிறார். முதல் அளவு 158/98. செவிலியர் அவரைச் சிறுநீர் கழித்துவிட்டு வரச்சொல்லி, அரை மணி நேரம் கழித்து, ஐந்து நிமிடம் அமர வைத்து மீண்டும் இருமுறை அளக்கிறார். 150/94, 148/94. சராசரி 149/94. ஓய்வுக்குப் பின் அளவு குறைந்தது. ஆனால் 140/90-க்குக் கீழே வரவில்லை. சர்க்கரை 172. இது சிறுநீரகத்தின் எல்லைக்குக் கீழே உள்ள அளவு என்பதைக் கவனிக்கவும். அவருக்குத் தாகம் இல்லாததன் காரணம் இதுவே.

அவருக்கு இ.எஸ்.ஐ. மருந்தகத்துக்குப் பரிந்துரைச் சீட்டு அளிக்கப்படுகிறது. இங்கு ஒரு நடைமுறைச் சிக்கல் எழுகிறது. வெறும் வயிறு என்பது குறைந்தது எட்டு மணி நேரம் நீர் தவிர வேறெதுவும் உட்கொள்ளாதிருப்பது. இரவுப் பணியில் நள்ளிரவு உணவும் அதிகாலைத் தேநீரும் உட்கொள்பவர், காலையில் சென்று கொடுக்கும் இரத்தம் வெறும் வயிற்று இரத்தம் ஆகாது. எனவே வார விடுமுறை நாளில், முந்தைய இரவு உறங்கி எழுந்த பின் வருமாறு கூறப்படுகிறது.

அந்நாளில் வெறும் வயிற்றுச் சர்க்கரை 132. மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி பரிசோதனையில் 7.3 விழுக்காடு. முன்னதற்கு 126, பின்னதற்கு 6.5 ஆகியவை நோயைக் குறிக்கும் எல்லைகள். இரு வேறு பரிசோதனைகளும் எல்லையைக் கடந்ததால் நீரிழிவு நோய் உறுதியாகிறது. ஒன்று மட்டும் கடந்திருந்தால் அதை மீண்டும் செய்து பார்க்க வேண்டியிருந்திருக்கும். எச்பிஏ1சி அளவை இரத்தசோகை மாற்றக்கூடும். இரும்புச்சத்துக் குறைவால் வரும் இரத்தசோகையில் அது பொய்யாகக் கூடுதலாகக் காட்டலாம். ஆகவே இரத்தசோகை உள்ளோர் அதை மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும். இவருக்கு இரத்தசோகை இல்லை. இரத்த அழுத்தம் அன்று 148/94. ஆகவே உயர் இரத்த அழுத்தமும் உறுதியாகிறது.

அடுத்து மருத்துவர் செய்யும் பரிசோதனைகளே இந்நிகழ்வின் மையம். சிறுநீரில் அல்புமின் என்னும் புரதம் கசிகிறதா என்று பார்க்கப்படுகிறது. கிரியாட்டினின் ஒரு கிராமுக்கு 30 மில்லிகிராமுக்குக் கீழே இருக்க வேண்டிய அளவு, 68 ஆக உள்ளது. விழித்திரைப் பரிசோதனையில், நுண்குழாய்கள் சில இடங்களில் புடைத்துச் சிவப்புப் புள்ளிகளாகத் தெரிகின்றன. பார்வையோ இரு கண்களிலும் முழுமையாக உள்ளது. பாத உணர்வு இயல்பு.

இம்மனிதர் முகாமுக்கு வந்த காலையில் தம்மை நலமானவர் என்றே எண்ணினார். ஆனால் அவருடைய சிறுநீரகமும் விழித்திரையும் வேறு செய்தி கூறின. இப்புள்ளிகளும் இப்புரதக் கசிவும் ஒரு வாரத்தில் வருபவை அல்ல. நோய் சில ஆண்டுகளாக இருந்திருக்கிறது என்பதையே அவை காட்டுகின்றன. நற்செய்தி என்னவெனில், இந்நிலையில் கண்டறியப்பட்ட புரதக் கசிவைச் சிகிச்சையால் குறைக்க இயலும். விழித்திரைப் பாதிப்பு முன்னேறுவதைத் தாமதப்படுத்த இயலும். கால் வீங்கிய பின், பார்வை மங்கிய பின் வந்திருந்தால், இழந்ததில் பெரும்பகுதியை மீட்க இயலாது.

சிறுநீரில் புரதம் கசிவதால், சிறுநீரகத்தையும் காக்கும் தன்மையுள்ள டெல்மிசார்டான் மாத்திரையும், சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் மாத்திரையும் மருத்துவரால் தொடங்கப்படுகின்றன. சில வாரங்களில் இரத்தத்தில் கிரியாட்டினினும் பொட்டாசியமும் சரிபார்க்கப்படுகின்றன. தேநீரில் சர்க்கரை நிறுத்தப்படுகிறது. ஊறுகாயும் அப்பளமும் குறைக்கப்படுகின்றன. நாள்தோறும் அரை மணி நேர நடை சேர்க்கப்படுகிறது. மூன்று மாதங்களுக்குப் பின் அழுத்தம் 128/82, எச்பிஏ1சி 6.7, புரதக் கசிவு 36. இம்மூன்று மாதங்களிலும் அவர் உணர்ந்த மாற்றம் ஏதும் இல்லை. முன்பும் நன்றாக உணர்ந்தார்; இப்போதும் நன்றாக உணர்கிறார். மாறியவை எண்கள் மட்டுமே.

நன்றாக இருக்கும்போது மாத்திரையை நிறுத்தலாமா?

சிகிச்சை இடையில் கைவிடப்படுவதற்கு முதன்மைக் காரணம் இங்குதான் உள்ளது. காய்ச்சலுக்கு மாத்திரை உட்கொண்டால் காய்ச்சல் தணிவது தெரிகிறது. இங்கோ தணிவதற்கு அறிகுறி எதுவும் இல்லாததால், மாத்திரை வேலை செய்வதும் தெரிவதில்லை, நிறுத்தியபின் அழுத்தம் மீண்டும் ஏறுவதும் தெரிவதில்லை. "அளவு சரியாகிவிட்டது" என்று ஒருவர் கூறும்போது, அது மாத்திரையுடன் கூடிய அளவு என்பதை நினைவிற்கொள்ள வேண்டும். எடை குறைந்து, உணவுமுறை மாறிய சிலருக்கு மருத்துவர் மருந்தைக் குறைப்பதுண்டு. அம்முடிவு அளந்து பார்த்து எடுக்கப்படுவது. உணர்வை வைத்து எடுக்கப்படுவது அன்று.

மாறும் பணிநேரத்தில் உள்ளோர் அதை மருத்துவரிடம் கட்டாயம் கூற வேண்டும். சர்க்கரைக்கான சில மாத்திரைகளும் இன்சுலினும், உணவு தவறினால் சர்க்கரையை ஆபத்தான அளவுக்குக் குறைத்துவிடும். இயந்திரத்தின் முன் நிற்பவருக்கும் வாகனம் ஓட்டுபவருக்கும் கை நடுக்கம், வியர்வை, குழப்பம் ஆகியவை விபத்தில் முடியலாம். பணிநேரம் தெரிந்தால் மருத்துவர் அதற்கேற்ற மருந்தையும் நேரத்தையும் தேர்ந்தெடுப்பார்.

பணி பறிபோகுமோ என்ற அச்சம்

முகாமைத் தவிர்ப்போருள் சிலர் நோயைக் கண்டு அஞ்சுவதில்லை. அளவு மேற்பார்வையாளருக்குத் தெரிந்துவிடுமோ என்றே அஞ்சுகின்றனர். உங்கள் அளவு உங்களிடம் தனியாகவே கூறப்பட வேண்டும்; வரிசையில் நிற்போர் கேட்குமாறு உரக்கப் படிக்கப்படக் கூடாது. அவ்வாறு நடந்தால் அதை மாற்றுமாறு முகாம் மருத்துவரிடம் நீங்கள் கேட்கலாம். கட்டுப்பாட்டில் உள்ள இரத்த அழுத்தத்துடனும் சர்க்கரையுடனும் பெரும்பாலான பணிகளைத் தடையின்றிச் செய்ய இயலும். ஒருவரைப் பணியிலிருந்து நிரந்தரமாக விலக்கக்கூடியவை கண்டறியப்படாத நோயின் விளைவுகளான பக்கவாதமும் பார்வையிழப்பும் சிறுநீரகச் செயலிழப்பும் ஆகும்.

எப்போது, எங்கே பரிசோதிப்பது?

முப்பது வயதைக் கடந்த ஒவ்வொருவரும், அளவு இயல்பாக இருந்தாலும், ஆண்டுக்கு ஒருமுறை இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் பரிசோதித்துக்கொள்ளுங்கள். குடும்பத்தில் இந்நோய்கள் இருந்தாலோ, உடல் எடை கூடுதலாக இருந்தாலோ, பேறுகாலத்தில் சர்க்கரை உயர்ந்திருந்தாலோ, முப்பது வயதுவரை காத்திருக்க வேண்டாம். இப்பரிசோதனைகள் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் அரசு மருத்துவமனைகளிலும் கட்டணமின்றிச் செய்யப்படுகின்றன. நோய் உறுதியானால் மாத்திரைகளும் கட்டணமின்றி வழங்கப்படுகின்றன. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின்கீழ், தொடர் மருந்துகள் இல்லத்திலேயே வழங்கப்படுகின்றன. இ.எஸ்.ஐ. காப்பீடு பெற்றோர் தங்கள் மருந்தகத்தை அணுகலாம்.

முகாமில் தரப்படும் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். நாள், நேரம், கடைசியாக உண்ட நேரம், இரு அளவுகள் ஆகியவை அதில் எழுதப்பட்டுள்ளனவா என்று பாருங்கள். அடுத்த ஆண்டு அதே சீட்டை எடுத்து வந்தால், 118 என்றிருந்த மேல் அளவு 134 ஆகியிருப்பது தெரியவரும். இரண்டும் 140-க்குக் கீழே இருந்தாலும், அந்த ஏற்றம் உப்பைக் குறைக்கவும் அடிக்கடி அளக்கவும் போதிய காரணமாகும்.

உடனடியாக மருத்துவமனைக்குச் செல்ல வேண்டிய நிலைகள்

அழுத்தம் 180/110 அல்லது அதற்கு மேல் இருந்தால், எவ்வித அறிகுறியும் இல்லாவிடினும் அன்றே மருத்துவரைக் காண வேண்டும். நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், முகம் ஒருபுறம் கோணுதல், கை கால் திடீரென வலுவிழத்தல், பேச்சுக் குழறுதல், திடீர்ப் பார்வை மங்கல் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும், அளவு எதுவாயினும், 108 எண்ணை உடனே அழையுங்கள். சர்க்கரை 300-க்கு மேல் இருந்து வாந்தி, வயிற்றுவலி, மிகுந்த சோர்வு, வேகமான மூச்சு ஆகியவை சேர்ந்தாலும் தாமதிக்கக் கூடாது.

இப்பக்கத்திலுள்ள செய்திகள் பொது அறிதலுக்கானவை. மருந்தைத் தொடங்குவதும் மாற்றுவதும் நிறுத்துவதும் மருத்துவரின் ஆலோசனையின்படியே செய்யப்பட வேண்டும்.